பானையில் அரிசி இருக்கிறது... குதிரில் இருக்கிறதா?

*ரத்த தானம் செய்யும் பெண்களும் நெடுந்தூரம் ஓடும் பெண்களும் ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது.*

மே மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் ரத்த தான முகாம். மேசை மீது ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. அதற்குள் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் மயில்துத்தக் கரைசல். மஞ்சள் டீஷர்ட் அணிந்த பெண் ஒருவர் விரலை நீட்டுகிறார். போன ஜனவரி மாரத்தானில் கொடுத்த டீஷர்ட் அது. ஊசி சுருக்கென்று குத்துகிறது. மெல்லிய குழாயில் ஏறிய ரத்தத்தைக் கரைசலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்து, ஒரு துளியை விடுகிறார் பரிசோதகர். துளி ஒரு கணம் தயங்கி, பிறகு விறுவிறுவென்று அடியில் போய்ப் படிகிறது.

"ஓகே மேடம், நீங்க கொடுக்கலாம்."

அந்தத் துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று பொருள். கரைசலின் அடர்த்தியை அதற்காகவே 1.053 என்று அளந்து கலக்கிறார்கள். பல முகாம்களில் இப்போது கையடக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால் துளியிடமும் கருவியிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு இவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமா?

அந்தப் பெண் படுக்கையில் படுக்கிறார். பை நிரம்புகிறது. ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ். மனநிறைவோடு வீட்டுக்குப் போகிறார். செப்டம்பரில், வழக்கமாக ஓடும் அதே பாதையில், அதே மேம்பாலத்தின் ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

துளி சொல்லாத கதை

கிராமத்து வீட்டைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். அன்றாடச் சமையலுக்கு எடுக்கும் அரிசி பானையில் இருக்கும். வருஷத்துக்கான நெல் குதிரில் இருக்கும். பானை குறையக் குறைய, குதிரில் இருந்து எடுத்துக் குத்திப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். விருந்தாளி வந்து பானையைத் திறந்தால் எப்போதும் நிறைந்தே இருக்கும். குதிரில் கடைசி மரக்கால் நெல் தீர்ந்த பிறகுதான் பானை இறங்கத் தொடங்கும்.

ஹீமோகுளோபின்தான் பானை. கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்த்து வைத்திருக்கும் இரும்புதான் குதிர். அந்தக் குதிரில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் ஃபெரிட்டின். உடல் எப்போதும் முதலில் பானையைத்தான் காப்பாற்றும். அதனால்தான் ஹீமோகுளோபின் 13 இருக்கும் ஒரு பெண்ணின் குதிர் கிட்டத்தட்டக் காலியாகவும் இருக்க முடிகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இது பானை இறங்கிவிட்டவர்களின் கணக்கு. பானை நிறைந்தும் குதிர் காலியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். தவறாமல் ரத்தம் கொடுக்கும் பெண்களிலும், வாரத்துக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடும் பெண்களிலும் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

> பெட்டிச் செய்தி: ஃபெரிட்டின் எண்ணைப் படிப்பது எப்படி?
>
> 15க்குக் கீழே: குதிர் காலி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இரும்புச் சத்துக் குறைபாட்டுக்கான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எண் இது.
>
> 15 முதல் 30 வரை: அடி தெரிகிறது. ரத்தம் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டிய நேரம்.
>
> 30 முதல் 35 வரை: தானம் செய்பவருக்கு எல்லைக்கோடு. நெடுந்தூரம் ஓடும் பெண்ணுக்கு இது இன்னும் குறைவுதான்.
>
> 40 முதல் 50 வரை: ஓடவும் ரத்தம் கொடுக்கவும் விரும்பும் பெண் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு.
>
> சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மைக்ரோகிராம் என்றும், சில மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றும் அச்சிடும். இரண்டும் ஒன்றுதான், எண் மாறாது.

ஒரு பையில் எவ்வளவு இரும்பு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள் டீஷர்ட் பெண்ணைப் போல ஒருவர். 34 வயது, எடை 54 கிலோ. நம் நாட்டு விதிப்படி 45 கிலோ எடை உள்ளவரிடம் 350 மில்லி ரத்தம் எடுக்கலாம். 55 கிலோவைத் தாண்டினால் 450 மில்லி வரை எடுக்கலாம். ஆகவே இவரிடம் எடுப்பது 350 மில்லி. இவருடைய ஹீமோகுளோபின் 13.2 என்றால், அந்தப் பையில் ஏறக்குறைய 46 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக ஒரே காலையில் சுமார் 155 மில்லிகிராம் இரும்பு உடலை விட்டுப் போகிறது.

அது பெரிய அளவா? ஒப்பிட்டால் தெரியும். சராசரி மாதவிடாய் ஒன்றில் போவது சுமார் 15 மில்லிகிராம். ஒரு முறை ரத்தம் கொடுப்பது பத்து மாதவிடாய்க்குச் சமம். சாப்பாட்டில் இருந்து இந்தப் பெண்ணின் உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்றரை மில்லிகிராம் வாக்கில்தான். சோறு, சாம்பார், கீரை, பருப்பு என்று சாப்பிடுபவருக்கு உணவில் உள்ள இரும்பில் 8 சதவீதம் உறிஞ்சப்படும் என்று வைத்துத்தான், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் பரிந்துரைக்கிறது. உறிஞ்சுகிற ஒன்றரை மில்லிகிராமும் அன்றாட இழப்புக்கும் மாதவிடாய்க்கும் சரியாகிவிடுகிறது. குதிரில் சேர்த்து வைக்க மிச்சம் இல்லை.

இப்போது ஃபெரிட்டின் கணக்கு. ஃபெரிட்டினில் ஒரு புள்ளி என்பது தோராயமாக 8 மில்லிகிராம் சேமிப்பு. ஜனவரியில் மாரத்தான் முடிந்ததும் இவர் முதல் முறை ரத்தம் கொடுக்கும்போது ஃபெரிட்டின் 45 என்று வைத்துக்கொள்வோம். போன 155 மில்லிகிராமைக் குதிர் ஈடுகட்டுகிறது. நான்கு மாதம் கழித்து மே மாதம் பார்த்தால் ஹீமோகுளோபின் பழையபடி 13.2, ஃபெரிட்டின் மட்டும் 26. நீலக் குடுவையில் துளி மூழ்கத்தானே செய்யும்?

பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம் என்பது விதி. ஆண்களுக்கு 90 நாள். விதியை மீறாமல் மே மாதம் இரண்டாவது முறை கொடுக்கிறார். இந்த முறை குதிரால் முழுதும் ஈடுகட்ட முடியவில்லை. செப்டம்பரில் ஃபெரிட்டின் 16, ஹீமோகுளோபின் 12.6. குடுவைச் சோதனையில் இப்போதும் துளி மூழ்கிவிடும். மூன்றாவது பையும் நிரம்பியிருக்கும்.

இது ஒரு பெண்ணின் உடம்பில் உள்ள கோளாறு அல்ல. அமெரிக்காவில் 215 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், ரத்தம் கொடுத்த பிறகு இரும்பு மாத்திரை சாப்பிடாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 24 வாரம் ஆகியும் இரும்புச் சேமிப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 24 வாரம் என்பது 168 நாள். நம் விதி தரும் இடைவெளியை விட ஏழு வாரம் அதிகம்.

ஓடுகிறவருக்கு ஏன் கூடுதல் சுமை?

ஓட்டத்தில் இரும்பு பல சின்ன வழிகளில் கசிகிறது. பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு அடியிலும் உள்ளங்காலில் சில சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. நீண்ட ஓட்டத்தில் குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் குடலில் கண்ணுக்குத் தெரியாத கசிவு உண்டாகிறது. வியர்வையிலும் கொஞ்சம் போகிறது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சொற்பம்.

பெரிய விஷயம் வேறு. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலில் இரும்பு உள்ளே நுழையும் கதவுக்குப் பூட்டுப் போடுவது இதுதான். கடுமையாக ஓடி முடித்த மூன்று மணி நேரத்தில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் உச்சத்துக்கு ஏறுகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கி ஏழு மணிக்கு முடிக்கும் பெண்ணுக்குப் பத்து மணி முதல் ஒரு மணி வரை கதவு பாதி மூடியே கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டில் கீரை இருந்தும் பெரிய பயன் இல்லை. எடை குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டே ஓடினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகவே ஓடுகிற பெண் ரத்தமும் கொடுத்தால், செலவு ஒரு பக்கம் கூடுகிறது; வரவு இன்னொரு பக்கம் குறைகிறது.

உடம்பு சொல்லும் சேதி

செப்டம்பரில் நம் ஓட்டக்காரருக்கு என்ன தெரியும்? ஆறரை நிமிடத்தில் ஓடிய கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஆகிறது. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு மட்டும் பழைய வேகத்தில் இருந்ததைவிட அதிகம். வாரக் கடைசி நீண்ட ஓட்டத்தின் அலுப்பு செவ்வாய்க்கிழமை வரை தீர்வதில்லை. வெயில் என்று நினைக்கிறார். வயதாகிறது என்று நினைக்கிறார். பயிற்சி போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஓடுகிறார். குறைந்துபோன குதிரில் இருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கிறார்.

வேறு அறிகுறிகளும் உண்டு. இரவில் படுத்ததும் கால்கள் நிலைகொள்ளாமல் குடைந்து, எழுந்து நடந்தால்தான் அடங்கும். ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துத் தின்னத் தோன்றும். நம் வீடுகளில் பெண்கள் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்வதைக் கண்டித்திருக்கிறோம். கெட்ட பழக்கம் என்று திட்டியிருக்கிறோம். பல நேரம் அது இரும்புக் குறைவின் குரல். தலைமுடி கொத்தாக உதிர்வதும் இதில் சேரும். இவற்றில் ஒன்று இருந்தாலும், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெரிட்டின் பார்த்துவிட வேண்டும்.

பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபெரிட்டின் 16 என்று வந்த அறிக்கையில் சிவப்பு மையோ தடித்த எழுத்தோ இருக்காமல் போகலாம். பெண்களுக்கு 10 அல்லது 12இல் இருந்தே இயல்பான அளவு என்று அச்சிடும் ஆய்வகங்கள் உண்டு. "எல்லாம் நார்மல்" என்று கோப்பை மூடிவிடாதீர்கள். எண்ணை நீங்களே தேடிப் படியுங்கள்.

எந்த எண் இலக்கு?

ரத்தம் கொடுப்பதற்கு முன்பு ஃபெரிட்டின் 30க்கு மேல் இருக்க வேண்டும். இதை நடைமுறைக்கே கொண்டுவந்த நாடு நெதர்லாந்து. அங்கே புதிதாக வருபவருக்கும், பிறகு ஒவ்வொரு ஐந்தாவது தானத்தின்போதும் ஃபெரிட்டின் பார்க்கிறார்கள். 15க்கும் 30க்கும் இடையில் இருந்தால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். 15க்குக் கீழே போனால் ஒரு வருடம். நம் நாட்டில் தானத்துக்கு முன் ஃபெரிட்டின் பார்ப்பது கட்டாயம் இல்லை. தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாயில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு விளையாட்டு மருத்துவர்கள் 35ஐக் கோடாக வைக்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் ரத்தசோகை இல்லாவிட்டாலும் குறைபாடுதான். 20க்குக் கீழே இறங்கினால் சிவப்பணு உற்பத்திக்கே தட்டுப்பாடு வரத் தொடங்குகிறது. ரத்தசோகை இல்லாமல் சேமிப்பு மட்டும் குறைந்த பெண்களுக்கு ஆறு வாரம் இரும்பு கொடுத்துப் பயிற்சி அளித்தபோது, அவர்களுடைய தாக்குப்பிடிக்கும் திறன் கூடியதை ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டையும் செய்கிறவருக்கு ஏன் 45 போன்ற எண்? ஒரு பை கொடுத்தால் ஏறக்குறைய 20 புள்ளி இறங்கும் என்று பார்த்தோம். 45இல் கொடுத்தால் 25இல் நிற்கும். மாத்திரையோடு இரண்டு மூன்று மாதத்தில் மேலே ஏறிவிடலாம். 30இல் கொடுத்தால் 10க்கு இறங்கிவிடும். இலக்கு எண் என்பது இந்தக் கழித்தலைத் தாங்கும் எண். அதே சமயம் 45 இருப்பவர் 100க்கு ஏற்றினால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று நினைக்க வேண்டாம். அதனால் கூடுதல் பலன் கிடைப்பதில்லை. தேவையில்லாத இரும்பை வெளியேற்ற உடலிடம் வழியும் இல்லை.

மாத்திரை: எது, எப்போது, எவ்வளவு?

முதலில் அட்டையைப் படிக்க வேண்டும். "ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம்" என்று போட்டிருந்தால் அது உப்பின் எடை. அதில் உள்ள இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன.

தினமும் இரண்டு வேளை விழுங்கினால் சீக்கிரம் ஏறும் என்பது பழைய நம்பிக்கை. 60 மில்லிகிராம் உள்ளே போனதுமே ஹெப்சிடின் ஏறி, அடுத்த 24 மணி நேரம் கதவை ஒருக்களித்துவிடுகிறது. இரும்புக் குறைவான பெண்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையில் இருந்தும் கூடுதலாக உறிஞ்சப்பட்டதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் வரும் பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அவர்களுக்கு இந்த முறை வரப்பிரசாதம்.

நேரமும் முக்கியம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அல்லது ஓடி முடித்த அரைமணி நேரத்துக்குள், பூட்டு விழுவதற்கு முன்பு போட்டுவிட வேண்டும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது. காபி, டீ, பால் ஒரு மணி நேரமாவது தள்ளியே இருக்கட்டும். நம் வீடுகளில் மாத்திரை வீணாவது பெரும்பாலும் அந்த ஃபில்டர் காபியால்தான். கால்சியம் மாத்திரையையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

மாத்திரை தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்குச் சிவப்பணு சிறியதாக இருக்கும். பார்க்க இரும்புக் குறைவு போலவே தெரியும். ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருக்கும். அவர்களுக்கு இரும்பு தேவை இல்லை. இன்னொன்று: குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாத்திரை அட்டையைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து.

> பெட்டிச் செய்தி: மறுபடி எப்போது பார்ப்பது?
>
> மாத்திரை தொடங்கிய பிறகு: 8 முதல் 10 வாரத்தில். இரண்டாவது வாரத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
>
> ரத்தம் கொடுப்பவர்: அடுத்த தானத்துக்கு ஒரு வாரம் முன்பு. கொடுத்த சில நாளில் பார்க்கக் கூடாது. ஃபெரிட்டின் அதன் பிறகும் பல வாரம் இறங்கிக்கொண்டிருக்கும்.
>
> ஓடும் பெண், முன்பு குறைபாடு இல்லாதவர்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை. குறைபாடு வந்து தேறியவர்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை.
>
> எப்படிப் போவது: காலையில், தண்ணீர் குடித்துவிட்டு, முந்தைய நாள் ஓய்வெடுத்த பிறகு. எப்போதும் ஒரே ஆய்வகத்தில்.

எண் ஏமாற்றும் நாட்கள்

ஃபெரிட்டினுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் அது ஏறிவிடும். டெங்கு வந்தால் ஆயிரக்கணக்கில்கூட ஏறும். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் சில வாரம் உயர்ந்தே நிற்கும். மாரத்தான் ஓடிய மறுநாளும் அப்படித்தான். குதிரில் நெல் இல்லாமலே நிறைந்திருப்பதாகக் காட்டும் நாட்கள் இவை. காய்ச்சல் விட்டு மூன்று நான்கு வாரம் போகட்டும். பெரிய ஓட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் போகட்டும். சந்தேகம் இருந்தால் கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் எடுத்துவிட்டால், ஃபெரிட்டினை நம்பலாமா வேண்டாமா என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் அசையவில்லை என்றால் மாத்திரையை இரட்டிப்பாக்காதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். மாதவிடாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா? வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமித் தொற்றோ, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயோ இருக்கிறதா? ஓட்டையை அடைக்காமல் குதிரில் கொட்டிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

அடுத்த ஜனவரி

நம் ஓட்டக்காரரின் கணக்குக்குத் திரும்புவோம். செப்டம்பர் நடுவில் ஃபெரிட்டின் 16, ஹீமோகுளோபின் 12.6. அந்த மாத முகாமுக்கு அவர் போகவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 60 மில்லிகிராம். பத்து வாரத்தில் 35 மாத்திரை. ஒவ்வொன்றில் இருந்தும் 6 மில்லிகிராம் சேர்ந்தால் 210 மில்லிகிராம். அதில் 75 மில்லிகிராம் முதலில் பானைக்குப் போகும்; ஹீமோகுளோபின் 13.2க்குத் திரும்பும். மிச்சம் 135 குதிருக்கு. நவம்பர் கடைசியில் ஃபெரிட்டின் 33.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது, மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பானை நிறைந்த பிறகுதான் குதிர் நிறையத் தொடங்குகிறது. இன்னும் ஆறேழு வாரம் தொடர்ந்தால் ஜனவரியில் 40ஐத் தாண்டும்.

ரத்தம் கொடுத்த பிறகு சிவப்பணுக்கள் பழைய எண்ணிக்கைக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாதம் தானத்துக்கு உகந்தது அல்ல. பந்தயம் முடிந்து ஒரு வாரம் ஓய்வு; ஃபெரிட்டின் ஒரு முறை; எண் 40க்கு மேல் இருந்தால் முகாமுக்குப் போகலாம். அன்றே அடுத்த இரண்டு மாதத்துக்கான மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். வருடத்துக்கு மூன்று முறை கொடுத்தவர் இரண்டு முறை கொடுப்பார். ஒரு பை குறைகிறதே என்று வருந்த வேண்டாம். மூன்று முறை கொடுத்து இரண்டாம் வருடத்தில் "ஹீமோகுளோபின் போதாது" என்று திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வராமலே போகும் பெண்ணைவிட, வருடம் இரண்டு முறையாகப் பதினைந்து வருடம் வருகிறவர் கொடுக்கும் பைகள் அதிகம்.

முகாமில் சான்றிதழ் கொடுக்கும் கையாலேயே ஒரு சின்னச் சீட்டையும் கொடுக்கலாம்: "அடுத்த முறை வருமுன் ஃபெரிட்டின் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று. அந்தச் சீட்டு அச்சாகும் வரை, உங்கள் சான்றிதழின் பின்பக்கத்தில் இன்றைய தேதியையும் உங்கள் ஃபெரிட்டின் எண்ணையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.